553ல் திரும்பிய பங்கு: ஃபிபோ எக்ஸ்டென்ஷனை எதற்காக வரைய வேண்டும்?

கேள்வி: சார், வணக்கம். பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு லட்ச ரூபாயை வைத்து டெலிவரியில் மட்டும் வாங்கி விற்கிறேன். ஒரு பங்கு 420ல் இருந்து 520 வரை ஏறி, 458 வரை இறங்கித் திரும்பியது. 520ஐத் தாண்டியதும் 523க்கு வாங்கினேன். ஃபிபோ 1.618 டார்கெட் என் போனில் 581.80 என்று காட்டியது. அதே பங்குக்கு நண்பர் போனில் 619.80. இரண்டுமே வரவில்லை. 553ல் திரும்பிவிட்டது, 480க்கு நஷ்டத்தில் விற்றேன். 476 வரை போய் இப்போது 483ல் நிற்கிறது. யார் போட்ட கோடு சரி? டார்கெட்டை எப்படித்தான் எடுப்பது? தினச் சார்ட், வாரச் சார்ட் இரண்டையும் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகர், பாலக்கோடு

பதில்: பங்கின் பெயரை இங்கே எடுத்துவிட்டேன். பெயர் தெரிந்தால் கணக்கை விட்டுவிட்டுப் பங்கைத் தேடிப் போவோர் உண்டு. கணக்குக்கு விலைகளே போதும்.

முதலில் இரண்டு போன் விவகாரம். இரண்டும் கணக்கில் சரிதான், ஆனால் அளப்பது வேறு வேறு. நீங்கள் எடுத்தது ரிட்ரேஸ்மென்ட் என்ற இரண்டு புள்ளிக் கருவி, நண்பர் எடுத்தது எக்ஸ்டென்ஷன் என்ற மூன்று புள்ளிக் கருவி. ஏற்றம் தொடங்கிய 420ஐ ஏ என்றும், உச்சம் 520ஐ பி என்றும், இறக்கம் முடிந்த 458ஐ சி என்றும் வைத்துக்கொள்வோம். TradingView சார்ட்டில் நடந்தது இதுதான்:

```
Fib Retracement            : A + (B - A) × 1.618 = 420 + 161.80 = 581.80
Trend-Based Fib Extension  : C + (B - A) × 1.618 = 458 + 161.80 = 619.80
```

இரண்டுக்கும் இடையே உள்ள 38 ரூபாய், ஏ-க்கும் சி-க்கும் உள்ள தூரம். வேறு ஒன்றுமில்லை. இரண்டு புள்ளிக் கருவிக்கு சி என்ற ஒன்று இருப்பதே தெரியாது. இறக்கம் 458ல் நின்றிருந்தாலும் 500ல் நின்றிருந்தாலும் அது 581.80 என்றேதான் சொல்லும். இறக்கம் முடிந்த பிறகு அடுத்த ஏற்றம் எவ்வளவு போகலாம் என்பதுதான் உங்கள் கேள்வி என்பதால், அதற்கு மூன்று புள்ளிக் கருவிதான் பொருத்தம். ஏ, பி, சி என்ற வரிசையில் மூன்று முறை தொட வேண்டும்.

இரண்டு புள்ளிக் கருவியில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் உச்சியில் தொட்டுக் கீழே இழுத்ததால்தான் 581.80 வந்தது. கீழிருந்து மேலே இழுத்திருந்தால் 1.618 கோடு 358.20ல் விழுந்திருக்கும். அப்படி வரைகிறபோது மேலே 581.80ல் நிற்கும் கோட்டின் பெயர் -0.618. கோட்டின் பெயரை மட்டும் பார்த்து விலையை எழுதிக்கொள்பவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். 100 ரூபாய் ஏற்றத்துக்கு ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது.

இனி அந்த வியாபாரத்துக்கு வருவோம். 1.618 வராதது இங்கே முக்கியமில்லை. 523க்கு வாங்கும் முன்பே அந்தக் கோடுகள் உங்களிடம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தன. மூன்று புள்ளிக் கருவியில் வரும் அளவுகள் இவை:

```
0.618 : 458 +  61.80 = 519.80
1.000 : 458 + 100.00 = 558.00
1.272 : 458 + 127.20 = 585.20
1.618 : 458 + 161.80 = 619.80
```

முதல் அளவைப் பாருங்கள், 519.80. பழைய உச்சமான 520ஐ ஒட்டியே அது விழுந்திருக்கிறது. இது தற்செயல் அல்ல. 100 ரூபாய் ஏற்றத்தில் 62 ரூபாய் இறங்கினால் அது ஏறக்குறைய 61.8 சதவீத இறக்கம். அங்கிருந்து அதே 61.8 சதவீதத்தை மேலே போட்டால் கிளம்பிய உச்சிக்குத்தான் வந்து சேரும். ஆகவே இவ்வளவு ஆழமாக இறங்கிய பங்கில் 0.618 டார்கெட் என்பது, சார்ட்டைத் திறந்ததும் கண்ணில் படுகிற பழைய உச்சம்தான். அங்கே கருவி புதிதாக எதையும் சொல்லவில்லை. 38.2 சதவீதம் மட்டும் இறங்கியிருந்தால், அதாவது சி 481.80ல் இருந்திருந்தால், அதே 0.618 அளவு 543.60ல் வந்திருக்கும். இறக்கம் எவ்வளவு ஆழமோ, டார்கெட்டுகள் எல்லாம் அவ்வளவு கீழே வரும்.

நீங்கள் வாங்கியது முதல் டார்கெட் முடிந்த இடத்தில். அடுத்தது 558. சி-க்குச் சற்றுக் கீழே, 454ல், ஸ்டாப்லாஸ் வைத்தால் ரிஸ்க் 69 ரூபாய், 558 வரை கிடைக்கக்கூடியது 35 ரூபாய். மூன்றில் இரண்டு முறை ஜெயித்தால்தான் கைக்காசு நிற்கும், அதற்கு மேல்தான் லாபம். சரி, 1.618ஐயே நம்பினாலும், 619.80 வரை 96.80 ரூபாய்தான். ரிஸ்க்கில் ஒன்றரை மடங்குகூட இல்லை. இருக்கிற கோடுகளிலேயே மிக உயரமானது வந்தாலும் கணக்கு அவ்வளவுதான் என்றால், வாங்கக்கூடாத இடம் என்று அர்த்தம். எக்ஸ்டென்ஷனை நான் முக்கியமாகப் பயன்படுத்துவது இதற்குத்தான். விலை எங்கே போகும் என்று அறிய அல்ல, இந்த விலையில் வாங்கினால் கட்டுப்படியாகுமா என்று பார்க்க.

அதே பங்கை எங்கே வாங்கியிருக்கலாம்? நீங்கள் அனுப்பிய தினச் சார்ட்டில் 458ஐத் தொட்ட கேண்டிலின் உச்சம் 467. மறுநாளே குளோசிங் 469, அதாவது அந்த உச்சத்துக்கு மேலே. இறக்கம் முடிந்திருக்கலாம் என்பதற்கு நான் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச அடையாளம் அதுதான். மிகத் தாழ்ந்த கேண்டிலின் உச்சத்துக்கு மேலே ஒரு நாள் முடிய வேண்டும். இடையில் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினால் கணக்கில்லை. அதற்கு அடுத்த நாள் 470க்கு வாங்கி, 454ல் ஸ்டாப்லாஸ் வைத்திருந்தால் ரிஸ்க் 16 ரூபாய். 519.80 வரை 49.80, மூன்று மடங்குக்கும் மேலே. 558 வரை 88, ஐந்தரை மடங்கு. 523ல் வாங்கியபோது இருந்த அதே கோடுகள், அதே 454 ஸ்டாப்லாஸ். வாங்கிய விலை மட்டும்தான் வேறு.

பிரேக்அவுட்டில் வாங்கக்கூடாதா என்று கேட்பீர்கள். வாங்கலாம். ஆனால் அப்போது ஸ்டாப்லாஸ் 454ல் இருக்க முடியாது. 520ஐத் தாண்டிய பங்கு மறுபடி 505க்குக் கீழே முடிந்தால் பிரேக்அவுட் பொய் என்று வைத்துக்கொண்டு வெளியேற வேண்டும். ரிஸ்க் 18, 558 வரை 35, ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1.618க்காகக் காத்திருந்ததால் உங்களுக்கு 43 ரூபாய் போனது.

இப்போது 553ஐப் பற்றி. 558க்கு ஐந்து ரூபாய் முன்னால் திரும்பியதைக் காட்டி, ஃபிபோ வேலை செய்தது, ஐந்து ரூபாய்தான் வித்தியாசம் என்று சொல்வோர் இருப்பார்கள். அதை ஏற்கும் முன் ஒரு கணக்கைப் போடுங்கள். இந்தப் பங்கு ஒரு நாளில் சராசரியாக 12 ரூபாய் மேலும் கீழும் ஆடுகிறது. இதை ஏ.டி.ஆர். என்ற இண்டிகேட்டரே காட்டும். ஒரு கோட்டுக்கு மேலே 6, கீழே 6 என்று விட்டுக்கொடுத்தால் ஒவ்வொரு கோடும் 12 ரூபாய் அகலப் பட்டையாகிறது. நான்கு கோட்டுக்கு 48 ரூபாய். 514 முதல் 626 வரை மொத்த இடமே 112 ரூபாய்தான். விலை இந்த இடத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு எங்கே திரும்பினாலும், 100க்கு 43 முறை ஏதோ ஒரு ஃபிபோ கோட்டுக்கு அருகில்தான் திரும்பியதாகத் தெரியும். இத்துடன் 0.786, 1.414, 2.0 என்று எல்லாவற்றையும் டிக் செய்து வைத்தால், திரும்பாத இடமே இல்லை என்று ஆகிவிடும். அதனால்தான் நான் செட்டிங்ஸில் 0.618, 1, 1.618 மூன்றை மட்டும் வைத்து மற்றதை எடுத்துவிடச் சொல்கிறேன். 1.272 விரும்பினால் இருக்கட்டும்.

உங்கள் பங்கு 553ல் திரும்பியதற்கு இன்னும் நேரடியான காரணம் நீங்கள் அனுப்பிய வாரச் சார்ட்டிலேயே இருக்கிறது. இடது பக்கம் தள்ளிப் பாருங்கள். 550க்கும் 556க்கும் நடுவில் மூன்று வாரக் கேண்டில்கள் தலையை முட்டிவிட்டு இறங்கியிருக்கின்றன. அங்கே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் போட்ட காசு திரும்பினால் போதும் என்று அந்த விலைக்காகவே காத்திருப்பார்கள். அந்த விலை வந்ததும் விற்பனை குவியும். உண்மையில் நடந்த வியாபாரம் விட்டுப்போன தடம் அது. 558 என்பதோ ஒரு பெருக்கல் கணக்கு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பழைய உச்சத்தைத்தான் நான் நம்புவேன், அதற்கும் கீழேதான் விற்கும் விலையைப் போடுவேன். இங்கே அது 548. இடது பக்கத்தில் பழைய விலையே இல்லாத புதிய உச்சத்தில் ஒரு பங்கு போகும்போதுதான் எக்ஸ்டென்ஷனைத் தவிர நமக்கு வேறு அளவுகோல் இருக்காது. அங்கேகூட அது ஒரு திட்டம்தான், வாக்குறுதி அல்ல.

கோட்டைவிட அதிகமாகத் தவறு நடப்பது ஏ-யைத் தேர்ந்தெடுப்பதில். உங்கள் தினச் சார்ட்டில் 420க்கு அடுத்து 436லும் ஒரு சின்னத் தாழ்வு இருக்கிறது. அதை ஏ என்று வைத்தால் ஏற்றம் 84 ரூபாய், 1.0 அளவு 542, 1.618 அளவு 593.90. 420ஐ வைத்தால் 558, 619.80. எந்தக் கேண்டிலில் விரலை வைத்தீர்கள் என்பதிலேயே 16 ரூபாயும் 26 ரூபாயும் மாறுகிறது. அது இந்தப் பங்கு ஒரு நாளில் ஆடும் தூரத்தைவிட அதிகம். ஆகவே பைசா சுத்தமாக டார்கெட் எழுதுவதில் பொருளே இல்லை. வாங்கிவிட்ட பிறகு ஏ-யை மாற்றி மாற்றி வைத்து, தனக்குப் பிடித்த விலையில் கோடு விழும்வரை இழுப்பது இதைவிட மோசம்.

ஏ-யைத் தேர்ந்தெடுக்க ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஏ-யில் இருந்து பி வரை போன பாதையில் நடந்த எந்த இறக்கமும், பி-யில் இருந்து சி வரை நடந்த இறக்கத்தைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். 62 ரூபாய் இறங்கிய ஒரு இறக்கம், அதைவிடச் சின்ன இறக்கங்கள் மட்டுமே கொண்ட ஏற்றம் முழுவதையும்தான் திருத்துகிறது. 420க்கும் 520க்கும் நடுவில் நடந்த பெரிய இறக்கமே 19 ரூபாய்தான் என்பதால் இங்கே ஏ 420 தான், 436 அல்ல. நடுவில் 70 ரூபாய் இறக்கம் ஒன்று இருந்திருந்தால், அந்த இறக்கம் முடிந்த இடம்தான் ஏ.

சி-யைப் பற்றியும் ஒன்று. 458 என்பது சி என்று நமக்குத் தெரிவதே விலை மேலே போன பிறகுதான். அதற்கு முன் அது ஒரு உத்தேசம். 458 உடைந்தால் டார்கெட்டுகளும் சேர்ந்தே செல்லாமல் போகும், ஸ்டாப்லாஸும் அதற்காகத்தான் அங்கே இருக்கிறது. இறக்கம் 78.6 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் நான் எக்ஸ்டென்ஷன் வரைவதே இல்லை. அந்த அளவுக்கு வாங்கியவர்களின் பிடி தளர்ந்த ஏற்றத்தை அளந்து, அடுத்த ஏற்றமும் அதே நீளம் போகும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணம் இல்லை. ஏ-யே உடைந்தால் பேச்சே கிடையாது.

பெரிய ஏற்றங்களில் ஸ்கேலையும் கவனியுங்கள். இது வரை போட்டது ரூபாய்க் கணக்கு. சதவீதக் கணக்கில், 420ல் இருந்து 520 என்பது 23.8 சதவீதம். 458ல் இருந்து அதே 23.8 சதவீதம் ஏறினால் 567 வரும், 558 அல்ல. சில வாரக் கணக்குக்கு இந்த 9 ரூபாய் பெரிதில்லை. ஆனால் 100ல் இருந்து 200க்கு இரட்டிப்பாகி 150க்கு இறங்கிய பங்கில், ரூபாய்க் கணக்கில் 1.0 அளவு 250, சதவீதக் கணக்கில் 300. கருவியின் செட்டிங்ஸில் Fib levels based on log scale என்று ஒரு டிக் இருக்கிறது. அது ஒரு போனில் ஆன், இன்னொரு போனில் ஆஃப் என்றாலும் இரண்டு பேருக்கு இரண்டு டார்கெட் வரும். டிக் எப்படி இருந்தாலும் எப்போதும் ஒரே மாதிரி வையுங்கள்.

இனி விற்பது. மண்டியில் காலை வரவு முடிவதற்குள் 9:15 தாண்டிவிடும், உங்களால் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. அதனால், சொன்ன விலை வந்ததும் தானே சந்தைக்குப் போகும் ஜி.டி.டி. ஆர்டரை முந்தைய இரவே போட்டுவிட வேண்டும். 470க்கு வாங்கியதாகவே வைத்துக் காட்டுகிறேன். இரண்டு லட்சத்தில் ஒரு வியாபாரத்துக்கு ஒரு சதவீதம், 2,000 ரூபாய், இழக்கலாம் என்றால், 16 ரூபாய் ரிஸ்க்குக்கு 125 பங்கு. அதில் 50 பங்கை 517ல், 520க்குச் சற்று முன்பாகவே, விற்கப் போடுங்கள். இன்னொரு 50ஐ 548ல். மீதி 25க்கு டார்கெட் வேண்டாம். மூன்று பகுதிக்கும் தனித்தனி ஆர்டர். முதல் இரண்டு, டார்கெட்டும் ஸ்டாப்லாஸும் சேர்ந்த இரட்டை ஆர்டர், ஒன்று நடந்தால் மற்றது தானே ரத்தாகும். ஸ்டாப்லாஸ் பக்கத்தில் ட்ரிக்கர் 454 என்றால் லிமிட் விலையை 449 என்று கீழே கொடுங்கள். இரண்டையும் 454 என்றே போட்டுவிட்டு, காலையில் 451ல் கேப் ஆகித் திறந்தால் ஆர்டர் ட்ரிக்கர் ஆகியும் விற்காமல் அப்படியே நிற்கும். விற்ற பங்கை உங்கள் டீமேட் கணக்கில் இருந்து எடுக்க புரோக்கருக்குத் தரும் அனுமதியான டி.டி.பி.ஐ. கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அது இல்லாமல், அன்றைக்கு டி-பின் என்ற ரகசிய எண்ணைப் போட்டு ஒப்புதலும் தராமல் இருந்தால், விற்கும் ஜி.டி.டி. ட்ரிக்கர் ஆகும்போது ரிஜெக்ட் ஆகிவிடும். மத்தியானம் போனைத் திறக்கும்போதுதான் உங்களுக்கே தெரியும்.

இப்படி விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 517ல் 50 பங்குக்கு 47 வீதம் 2,350 ரூபாய். 548ல் 50 பங்குக்கு 78 வீதம் 3,900. மீதி 25க்கு, 520ஐத் தாண்டிய பிறகு உங்கள் சார்ட்டில் 497ல் அமைந்த தாழ்வுக்குக் கீழே 495ல் ஸ்டாப்லாஸை ஏற்றியிருந்தால், அங்கே 25 வீதம் 625. மொத்தம் 6,875, போட்ட ரிஸ்க்கில் மூன்று மடங்குக்கும் மேலே. 1.618 வராமலேயே இது கிடைக்கிறது. அதுவரை போயிருந்தால் அந்த 25 பங்கு கூடவே போயிருக்கும்.

முதல் பகுதி விற்றதும் ஸ்டாப்லாஸை உடனே வாங்கிய விலைக்கு ஏற்றாதீர்கள். 470 என்பது உங்களுக்கு மட்டும் முக்கியமான விலை, சந்தைக்கு அல்ல. புதிதாக ஒரு தாழ்வு அமைந்து விலை அதற்கு மேலே திரும்பிய பிறகு, அதற்குக் கீழே வையுங்கள். போனஸ் அல்லது பங்குப் பிரிப்பு வந்தால் சார்ட்டில் பழைய விலைகள் எல்லாம் மாறிவிடும், அன்றே ஏ, பி, சி மூன்றையும் புதிதாகத் தொட்டு வரைந்து ஆர்டர்களையும் மாற்றிப் போட வேண்டும்.

இப்போது 483ல் நிற்கிற நிலைக்கு வருகிறேன். மேலே சொன்ன விதியைப் போட்டுப் பாருங்கள். 553ல் இருந்து 476 வரை 77 ரூபாய் இறங்கியிருக்கிறது. அதற்கு முன் நடந்த 62 ரூபாய் இறக்கத்தைவிட இது பெரிது. ஆகவே இந்த இறக்கம் 458ல் தொடங்கிய ஏற்றத்தை மட்டும் திருத்தவில்லை, 420ல் தொடங்கிய முழு ஏற்றத்தையும் திருத்துகிறது. ஏ 420, பி 553, சி இப்போதைக்கு 476. ஏற்றம் 133 ரூபாய், இறக்கம் அதில் 58 சதவீதம், 78.6க்குள் இருக்கிறது. 0.618 அளவு 558.20, 1.0 அளவு 609. முதல் அளவு, பழைய விற்பனை இருக்கும் 550–556க்கு அந்தப் பக்கம் விழுகிறது என்பதால் முதல் விற்பனை மறுபடியும் 548 தான்.

476ஐத் தொட்ட கேண்டிலின் உச்சம் 487. அதற்கு மேலே ஒரு நாள் முடியும்வரை வாங்க எந்தக் காரணமும் இல்லை. முடிந்து, மறுநாள் 489 அருகில் கிடைத்தால், 472ல் ஸ்டாப்லாஸ், ரிஸ்க் 17, 548 வரை 59, மூன்றரை மடங்கு. 2,000 ரூபாய் ரிஸ்க்குக்கு 117 பங்கு. அன்று கேப் ஆகி 505ல் திறந்தால் ரிஸ்க் 33, கிடைப்பது 43. விட்டுவிடுங்கள். வாங்கும் முன்பே 476 உடைந்தால் சி கீழே நகரும், எல்லா அளவுகளும் சேர்ந்து நகரும், புதிய தாழ்வின் கேண்டில் உச்சத்துக்காக மறுபடி காத்திருக்க வேண்டும். தாழ்வு 448க்குக் கீழே போனால் இறக்கம் 78.6 சதவீதத்தைத் தாண்டிவிடும், பிறகு இந்தப் பங்கில் வரைந்ததை அழித்துவிடுங்கள்.